முழுக்கொழுப்புப் பால் பொருள்களும் இதய நலமும்: சீஸ், தயிர் குறித்து அண்மை ஆய்வுகள் கூறுவது என்ன?

சுருக்கமாக

- பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு ஆகும். இது இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியது.
- ஒரே அளவு பால் கொழுப்பை வெண்ணெயாக உண்பதைவிடச் சீஸாக உண்ணும்போது எல்.டி.எல். குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.
- "வெண்ணெயைவிடப் பரவாயில்லை" என்பது "இதயத்தைக் காக்கும்" என்று பொருள்படாது.
- நம் உணவில் பால் கொழுப்பு பெரும்பாலும் காபி, தேநீருக்கான பாலிலிருந்தும் நெய்யிலிருந்துமே வருகிறது. குறைக்க வேண்டிய இடமும் முதலில் அதுவே.
- உணவை மாற்றிவிட்டோம் என்பதற்காகக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களுக்கும், கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதாகப் பரிசோதனையில் அறிந்தவர்களுக்கும் பல ஆண்டுகளாக ஒரே அறிவுரைதான் வழங்கப்பட்டு வந்தது: ஆடை நீக்கிய பாலைப் பயன்படுத்துங்கள், நெய், வெண்ணெய், சீஸ் ஆகியவற்றைத் தவிருங்கள். அண்மைக் காலத்தில், "முழுக்கொழுப்புத் தயிரும் சீஸும் இதயத்திற்குத் தீங்கானவை அல்ல" என்ற செய்திகள் பரவலாக வெளிவருகின்றன. இதனால் புறநோயாளர் பிரிவுக்கு வருபவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும், எதை நம்புவது என்று கேட்கின்றனர்.

இரண்டு கூற்றுகளிலும் உண்மை உண்டு. அவை எந்த அளவுக்கு உண்மை, யாருக்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் நீங்கும்.

நிறைவுற்ற கொழுப்பு என்ன செய்கிறது?

இரத்தத்தில் சுற்றிவரும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் அகற்றிக்கொண்டே இருக்கிறது. அத்துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது, அகற்றப்படாத எல்.டி.எல். இரத்தத்தில் தங்குகிறது. அது இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்து அடைப்பை உண்டாக்குகிறது.

இந்த அடிப்படையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்று கூறியுள்ளது. நாளொன்றுக்கு 1,800 கலோரி உண்பவருக்கு இது 20 கிராம் ஆகும். எல்.டி.எல். அளவைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் 6 விழுக்காட்டுக்கும் குறைவான அளவைப் பரிந்துரைக்கிறது. அதே 1,800 கலோரியில் இது 12 கிராம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுங்கள்; பின்னர் ஒரு கணக்கில் இவை தேவைப்படும்.

ஒரே கொழுப்பு, வேறுபட்ட விளைவு

கொழுப்பின் அளவு மட்டுமே முக்கியம் என்றால், சீஸில் உள்ள 40 கிராம் கொழுப்பும் வெண்ணெயில் உள்ள 40 கிராம் கொழுப்பும் இரத்தத்தில் ஒரே மாற்றத்தை ஏற்படுத்த வேண்டும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை.

டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில் 49 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் 6 வாரங்கள் சீஸும், வேறொரு 6 வாரங்கள் அதே அளவு கொழுப்புள்ள வெண்ணெயும் உண்டனர். ஒருவரது முடிவு அவருடனேயே ஒப்பிடப்பட்டதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு முடிவைத் திரிக்க வாய்ப்புக் குறைவு. சீஸ் உண்ட காலத்தில் எல்.டி.எல்., வெண்ணெய் உண்ட காலத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவாக இருந்தது.

அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றது. உடற்பருமன் மிகுந்த, 50 வயதைக் கடந்தவர்கள் 6 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் பால் கொழுப்பை உண்டனர். ஒரு பிரிவினருக்கு அது முழுவதும் செட்டர் சீஸாக வழங்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குக் கொழுப்பு குறைந்த சீஸும் வெண்ணெயும் வழங்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு வெண்ணெயும், சீஸில் உள்ள புரதமும் கால்சியமும் தனித்தனியே பொடியாக வழங்கப்பட்டன. சத்துகள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், முழுச் சீஸாக உண்டவர்களிடமே கொலஸ்ட்ரால் அதிகம் குறைந்தது. சத்துகளின் பட்டியல் மட்டுமன்றி, அவை உணவில் பிணைந்திருக்கும் விதமும் விளைவைத் தீர்மானிக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

இரண்டு காரணங்கள் முதன்மையாகக் கருதப்படுகின்றன.

முதலாவது கால்சியம். சீஸில் கால்சியம் மிகுதி. வெண்ணெயில் அது மிகக் குறைவு. குடலில் கால்சியம் கொழுப்பு அமிலங்களுடன் சேர்ந்து கரையாத சேர்மமாக மாறுகிறது. அதனால் கொழுப்பின் ஒரு பகுதி உடலில் சேராமல் மலத்துடன் வெளியேறுகிறது.

இரண்டாவது, பாலில் உள்ள கொழுப்புத் துளியைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு. பசும்பாலோ எருமைப்பாலோ, அதில் கொழுப்பு நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு சவ்வு போர்த்தியுள்ளது. தயிரை மத்தால் கடையும்போது அந்தச் சவ்வு கிழிந்து, உள்ளிருக்கும் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கிறது. கிழிந்த சவ்வின் பெரும்பகுதி மோரில் தங்கிவிடுகிறது. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கும்போது, எஞ்சிய சிறு பகுதியும் கசண்டோடு நீங்குகிறது.

இச்சவ்வின் பங்கைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். உடல் எடை மிகுந்த 57 பேர் 8 வாரங்கள் நாளொன்றுக்கு 40 கிராம் பால் கொழுப்பை உண்டனர். ஒரு பிரிவினருக்குச் சவ்வு சிதையாத பாலேடாகவும், மற்றொரு பிரிவினருக்குச் சவ்வு நீங்கிய உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பாகவும் அது வழங்கப்பட்டது. உருக்கிய கொழுப்பை உண்டவர்களின் எல்.டி.எல். உயர்ந்தது; பாலேடு உண்டவர்களிடம் அவ்வாறு உயரவில்லை. அந்த உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பு, இயல்பில் நம் நெய்யை ஒத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தயிரைப் பற்றி என்ன தெரியும்?

தயிர் தொடர்பான சான்றுகள் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தவை. மக்கள் வழக்கமாக உண்பதைக் குறித்துக்கொண்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்பவை. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரை ஏறத்தாழ 9 ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு 2018இல் வெளியானது. பால் பொருள்களை நாளொன்றுக்கு இரண்டு பரிமாறல்களுக்கு மேல் உண்டவர்களிடம், அவற்றை உண்ணாதவர்களைவிட, இறப்பும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, இரத்தக்குழாய் நோய்களும் சேர்ந்து 16 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன. தனித்தனியே பார்த்தபோது பாலுக்கும் யோகர்ட்டுக்கும் இத்தொடர்பு தெளிவாக இருந்தது. சீஸுக்கும் வெண்ணெய்க்கும் உறுதியான தொடர்பு எதுவும் தென்படவில்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஏழ்மையான பகுதிகளில் பாலும் தயிரும் வாங்க இயலாதவர்கள் மருத்துவ வசதியும் குறைவாகவே பெறுகின்றனர். நோய் குறைந்தது தயிராலா, தயிர் வாங்கும் வசதியாலா என்பதை இத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்தறிய இயலாது. மேலும், கடையில் விற்கும் யோகர்ட் குறிப்பிட்ட இருவகை நுண்ணுயிர்களைச் சேர்த்து உறைய வைக்கப்படுவது. வீட்டில் முந்தைய நாள் தயிரை உறைமோராக ஊற்றித் தயாரிக்கும் தயிரில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கும். எனவே யோகர்ட் பற்றிய முடிவுகளை வீட்டுத் தயிருக்கு அப்படியே பொருத்திவிட இயலாது.

ஆய்வுகள் எதைக் காட்டவில்லை?

மேற்கண்ட உணவுச் சோதனைகள் 6 முதல் 8 வாரங்களே நடந்தவை. அவை கொலஸ்ட்ரால் அளவைப் பார்த்தன. மாரடைப்பு குறைந்ததா என்று பார்க்கவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் இதய நோயாளிகளும் அல்லர். இத்துறையின் சில ஆய்வுகளுக்குப் பால் தொழில் அமைப்புகள் நிதியுதவி செய்துள்ளன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அதனால் முடிவு தவறாகிவிடாது. ஆயினும் எந்த உணவுடன் எந்த உணவை ஒப்பிட்டார்கள் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

அந்த ஒப்பீடுதான் இங்கு முதன்மையானது. சீஸை வெண்ணெயுடன் ஒப்பிட்டால் சீஸ் நல்லதாகத் தோன்றும். தாவர எண்ணெயுடன் ஒப்பிட்டால் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், மொத்த ஆற்றலில் 5 விழுக்காட்டைப் பால் கொழுப்புக்கு மாற்றாகப் பன்நிறைவுறாக் கொழுப்பிலிருந்து பெறுவது, இதய, இரத்தக்குழாய் நோய் அபாயம் 24 விழுக்காடு குறைவாக இருப்பதுடன் தொடர்புற்றிருந்தது. முழுதானியங்களை மாற்றாகக் கொண்டபோதும் இதைப்போன்ற அளவு குறைவு காணப்பட்டது.

ஆகவே பால் கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் எதை உண்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. தயிரை நிறுத்திவிட்டு பிஸ்கட்டோ இனிப்போ கூடுதல் வெள்ளைச் சோறோ உண்பதால் இதயத்திற்கு நன்மை இல்லை.

ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, இதயக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 58 வயதுள்ள ஒருவரைக் கொள்வோம். அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 கலோரி உண்கிறார். வீட்டில் 6 விழுக்காடு கொழுப்புள்ள பால் வாங்குகின்றனர். "நான் உண்ணும் ஒரே கொழுப்புப் பண்டம் மாலையில் ஒரு சீஸ் துண்டுதான், அதை நிறுத்திவிடவா?" என்று அவர் கேட்கிறார்.

அவரது பால் பொருள்களில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு தோராயமாகப் பின்வருமாறு:

- இரண்டு வேளைக் காபிக்குப் பால், மொத்தம் 300 மி.லி.: 12 கிராம்
- அதே பாலில் உறைந்த தயிர், 150 கிராம்: 6 கிராம்
- சோற்றுக்கு நெய், 2 தேக்கரண்டி: 7 கிராம்
- பதப்படுத்திய சீஸ், 20 கிராம் எடையுள்ள ஒரு துண்டு: 3 கிராம்

மொத்தம் 28 கிராம். அவருக்குரிய பொது வரம்பான 20 கிராமை, தேங்காய், எண்ணெய், இறைச்சி எதையும் சேர்க்காமலேயே அவர் கடந்துவிட்டார். அவர் குறை கூறும் சீஸின் பங்கோ மிகச் சிறியது. காபிப் பாலும் நெய்யும் சேர்ந்து 19 கிராம்.

இப்போது 3 விழுக்காடு கொழுப்புள்ள பாலுக்கு மாறுகிறார். காபியிலிருந்து 6 கிராமும் தயிரிலிருந்து 3 கிராமும் வருகின்றன. நெய்க்கு மாற்றாகச் சமையலில் அதே அளவு நல்லெண்ணெய் சேர்க்கிறார். அதிலிருந்து ஏறத்தாழ 2 கிராம். சீஸை அப்படியே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 14 கிராம். அதாவது தயிரையும் விடாமல், காபியையும் விடாமல், நிறைவுற்ற கொழுப்பு பாதியாகிவிட்டது.

ஆனால் அவர் இதய நோயாளி. அவருக்கு 12 கிராம் வரம்பே பொருத்தமானது. எனவே காபியை ஒரு வேளையாகக் குறைப்பதோ, சீஸை வாரத்தில் ஓரிரு நாள்களுக்கு ஒதுக்குவதோ அடுத்த படியாகிறது. தேங்காய்ச் சட்னி நாள்தோறும் உண்ணும் வீடுகளில் அதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். தேங்காய்க் கொழுப்பில் நிறைவுற்ற பங்கு பால் கொழுப்பைவிட மிகுதி.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். பாலின் அளவை மி.லி.யில் எழுதி, உறையில் உள்ள கொழுப்பு விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்தால் மொத்தக் கொழுப்பு கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

*பால்:* இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வரையறைப்படி, முழு ஆடைப் பாலில் குறைந்தது 6, தரப்படுத்திய பாலில் 4.5, சமன்படுத்திய பாலில் 3, இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். உறையின் நிறத்தை நம்பாமல் விழுக்காட்டைப் படியுங்கள்.

*சீஸ்:* மேற்கண்ட ஆய்வுகளில் பயன்பட்டது பாலிலிருந்து தயாரித்த இயல்பான சீஸ். பாலுக்கொழுப்புக்கு மாற்றாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பைக் கொண்டு தயாரிக்கப்படும் போலிச் சீஸும் சந்தையில் உண்டு. அந்த ஆய்வுகளின் முடிவு அதற்குப் பொருந்தாது. மூலப்பொருள் பட்டியலில் 'பால்' என்பது முதலில் உள்ளதா, தாவர எண்ணெய் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

*உப்பு:* துண்டுகளாகவும் கட்டிகளாகவும் விற்கப்படும் பதப்படுத்திய சீஸில் சோடியம் மிகுதி. ஒரு சிறு துண்டிலேயே 250 மி.கி. அல்லது அதற்கும் மேல் இருக்கலாம். ஒரு நாள் முழுவதற்குமான வரம்பு 2,000 மி.கி.

*தயிர்:* பழச்சுவை சேர்த்த யோகர்ட்டுகளில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. சர்க்கரை நோயுள்ளவர்கள் சுவை சேர்க்காத தயிரையே தேர்ந்தெடுக்கவும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

- மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சை பெற்றவர்கள்: இவர்களுக்கு எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழும், பல வழிகாட்டுதல்களின்படி 55 மி.கி.க்குக் கீழும் இருக்க வேண்டும். உணவால் மட்டும் இந்த அளவை அடைவது அரிது.
- பரம்பரையாக மிகை கொலஸ்ட்ரால் உள்ளவர்கள்: இவர்களின் கல்லீரல் ஏற்பிகள் பிறவியிலேயே குறைபாடுடையவை. சீஸ் பற்றிய ஆய்வு முடிவுகளை இவர்கள் தமக்கெனக் கொள்ளலாகாது.
- இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்: கொழுப்பைவிட உப்பே இவர்களுக்கு உடனடிக் கவலை. பதப்படுத்திய சீஸையும் உப்பிட்ட மோரையும் குறைக்கவும்.
- நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள்: பால் பொருள்களில் பாஸ்பரஸ் உண்டு, பதப்படுத்திய சீஸில் பாஸ்பேட் உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. அளவை மருத்துவரிடம் கேட்டறியவும்.
- சிறு குழந்தைகள்: இப்பக்கத்தில் உள்ள வரம்புகள் பெரியவர்களுக்கானவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கக்கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*நெய்யை முற்றிலும் நிறுத்த வேண்டுமா?*
இதய நோய் இல்லாத, எல்.டி.எல். இயல்பாக உள்ளவர்கள் மொத்த வரம்புக்குள் ஒரு தேக்கரண்டி அளவு சேர்த்துக்கொள்ளலாம். சீஸ், தயிர் ஆகியவற்றுக்குக் கிடைத்த சாதகமான முடிவுகள் நெய்க்குப் பொருந்தாது. இதய நோயாளிகள் அதை அன்றாடப் பழக்கமாகக் கொள்ள வேண்டாம்.

*பன்னீரும் சீஸும் ஒன்றா?*
இரண்டிலும் கால்சியமும் புரதமும் உண்டு. பன்னீர் நொதிக்க வைக்கப்படுவதில்லை. உப்பும் மிகக் குறைவு. ஆயினும் 50 கிராம் பன்னீரில் 10 கிராம் அல்லது அதற்கும் மேல் கொழுப்பு இருக்கலாம். எண்ணெயில் பொரித்து, வெண்ணெய்க் குழம்பில் இட்டால் கணக்கு வேறாகிவிடும்.

*எனக்கு இந்த மாற்றம் பயன் தருகிறதா என்பதை எப்படி அறிவது?*
உடலில் எந்த அறிகுறியும் தெரியாது. இரத்தப் பரிசோதனையே வழி. உணவை மாற்றி 6 முதல் 12 வாரங்களுக்குப் பின் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளவும். ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் உடலும் வேறுவிதமாக இயங்கும். இடைக்காலத்தில் மருந்தின் அளவு மாறியிருந்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். இல்லையேல் குறைந்தது மருந்தாலா, உணவாலா என்று அறிய இயலாது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

உணவை மாற்றி மூன்று மாதங்களாகியும் எல்.டி.எல். குறையவில்லை என்றாலும், குடும்பத்தில் இளம் வயதில் எவருக்கேனும் மாரடைப்பு வந்திருந்தாலும், ஸ்டாட்டின் மாத்திரையால் தசைவலி போன்ற தொல்லை இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும். வரும்போது, முந்தைய பரிசோதனை முடிவுகளுடன், வீட்டில் வாங்கும் பாலின் கொழுப்பு விழுக்காடு, நாள்தோறும் பயன்படுத்தும் அளவு, மாதத்திற்குச் செலவாகும் நெய்யின் அளவு ஆகியவற்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108 எண்ணுக்கு அழைக்கவும்.